கட்டட பட்ஜெட்டில் கான்ட்ராக்டர் தவணைகளும் ரிடென்ஷன் தொகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கான்ட்ராக்டர் 24 லட்சத்துக்கு பில் கொடுத்திருக்கிறார். பணப்பாய்வு அட்டவணையில் அந்த மாதத்தில் 24 லட்சம் செலவு என்று எழுதிவிட்டால் போதாதா?

போதாது. செய்து முடித்த வேலையின் மதிப்பு ஒன்று, அந்த மாதம் வங்கிக் கணக்கிலிருந்து வெளியேறும் பணம் வேறொன்று. முதலாவது எண் பட்ஜெட்டின் செலவுப் பக்கத்துக்கு உரியது. இரண்டாவது பணப்பாய்வுக்கு உரியது. இரண்டுக்கும் இடையில் மூன்று காரணங்களால் வேறுபாடு ஏற்படுகிறது. முன்பே கொடுத்த அட்வான்ஸின் ஒரு பகுதி அந்த பில்லில் கழிக்கப்படுகிறது. ரிடென்ஷன் என்று ஒரு பகுதி பிடித்து வைக்கப்படுகிறது. பில் கொடுத்த நாளுக்கும் பணம் கொடுக்கும் நாளுக்கும் இடையில் சில வாரங்கள் கழிகின்றன.

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்கப்பட்டுள்ளது. கிருஷ்ணகிரி நகரை ஒட்டிய இடத்தில், மாந்தோப்பும் மாங்காய் மண்டியும் வைத்திருக்கும் ஒரு குடும்பம் வாடகைக்கு விடுவதற்காக இரண்டு தளங்கள் கொண்ட வணிகக் கட்டடம் ஒன்றைக் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத் தொகை ஜி.எஸ்.டி. நீங்கலாக 1 கோடியே 20 லட்சம் ரூபாய். தொடக்கத்தில் 10 சதவீத அட்வான்ஸ், அதாவது 12 லட்சம், தரப்படுகிறது. அது ஒவ்வொரு பில்லிலும் 10 சதவீதமாகத் திரும்பக் கழிக்கப்படும். ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் ரிடென்ஷனாகப் பிடிக்கப்படும். அதில் பாதி கட்டடத்தை ஒப்படைக்கும்போதும், மீதிப் பாதி ஒப்படைத்து 12 மாதங்கள் கழித்தும் கொடுக்கப்படும். அப்படியானால் 24 லட்ச ரூபாய் பில்லில் அட்வான்ஸ் கழிவு 2 லட்சத்து 40 ஆயிரம், ரிடென்ஷன் 1 லட்சத்து 20 ஆயிரம். கையை விட்டுப் போவது 20 லட்சத்து 40 ஆயிரம்தான். அதுவும் பெரும்பாலும் அடுத்த மாதத்தில்தான் போகும்.

தவணைகளை எப்படிப் பிரிப்பது? எங்கள் கான்ட்ராக்டர் பேஸ்மட்டம் முடிந்ததும் 30 சதவீதம் வேண்டும் என்கிறார்.

அந்த 30 சதவீதத்தை ஏற்பதற்கு முன், பேஸ்மட்டம் வரையிலான வேலைக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும் என்பதை அளவுப் பட்டியலிலிருந்து கூட்டிப் பாருங்கள். மண் தோண்டல், பி.சி.சி., ஃபுட்டிங் கான்கிரீட், கம்பி, பிளிந்த் பீம், உள்ளே மண் நிரப்பல் ஆகியவற்றின் அளவை ஒப்பந்த விலையால் பெருக்கினாலே ஒரு தொகை வந்துவிடும். நமது கட்டடத்தில் அது சுமார் 22 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீதம் என்றால் பில் 36 லட்சமாகிறது. கழிவுகள் போக 30 லட்சத்து 60 ஆயிரம் கொடுப்பீர்கள். ஏற்கெனவே கொடுத்த அட்வான்ஸ் 12 லட்சத்தையும் சேர்த்தால் 42 லட்சத்து 60 ஆயிரம் போயிருக்கும். தரையில் நிற்பதோ 22 லட்ச ரூபாய் வேலை. அந்த நேரத்தில் கான்ட்ராக்டர் வேலையை நிறுத்திவிட்டால், நீங்கள் பிடித்து வைத்திருக்கும் 1 லட்சத்து 80 ஆயிரம் ரிடென்ஷன் எதற்கும் காணாது. ரிடென்ஷன் என்பது சிறு குறைகளைச் சரிசெய்வதற்கான பாதுகாப்பு மட்டுமே. முன்கூட்டி அதிகமாகக் கொடுத்துவிட்ட பணத்துக்கு அது ஈடாகாது.

ஆகவே ஒவ்வொரு நிலையின் சதவீதமும் அந்த நிலையில் நிற்கும் வேலையின் மதிப்பை ஒட்டியே இருக்க வேண்டும். நமது எடுத்துக்காட்டில் பேஸ்மட்டம் வரை 20 சதவீதம், தரைத்தள ரூஃப் கான்கிரீட் வரை 20, முதல் தள ரூஃப் வரை 20, பிளாக் கட்டும் பூச்சும் 20, தரை, மின்சாரம், குழாய், பெயின்ட் ஆகியவை 15, ஒப்படைப்பு 5 என்று பிரித்திருக்கிறோம். பேஸ்மட்ட நிலையில் 22 லட்ச வேலைக்கு 24 லட்சம் என்பது சிறிது முன்சாய்வுதான், ஆனால் தாங்கக்கூடியது. அட்வான்ஸுக்கு மட்டும் கான்ட்ராக்டரிடமிருந்து வங்கி உத்தரவாதம் வாங்கிக்கொள்வது நல்லது. கழிக்கப்படாமல் நிற்கும் தொகை குறையக் குறைய அந்த உத்தரவாதத்தின் தொகையையும் குறைக்கலாம்.

நிலை முடிந்ததா இல்லையா என்பதில் சண்டை வராத அளவுக்கு அதன் எல்லையை எழுத வேண்டும். ‘ரூஃப் முடிந்ததும்’ என்று எழுதினால் கான்கிரீட் போட்ட அன்றே பில் வரும். ‘ரூஃப் கான்கிரீட் போட்டு, சென்ட்ரிங் பிரித்து, க்யூப் டெஸ்டின் 7 நாள் முடிவு சைட் இன்ஜினியரிடம் கொடுக்கப்பட்ட பிறகு’ என்று எழுதினால் பில் வரும் நாளும் முன்கூட்டியே தெரியும், அட்டவணையில் அதை எந்த மாதத்தில் வைப்பது என்பதும் தெரியும்.

ரிடென்ஷனை எதன் மேல் கணக்கிட வேண்டும்? பில்லின் மொத்தத் தொகை மீதா, அட்வான்ஸ் கழித்த பிறகு வரும் தொகை மீதா?

சரிபார்க்கப்பட்ட வேலையின் மொத்த மதிப்பு மீதுதான். அட்வான்ஸ் கழிவு என்பது ஏற்கெனவே கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவது. அதனால் செய்த வேலையின் அளவு குறைந்துவிடவில்லை. 24 லட்ச பில்லில் அட்வான்ஸைக் கழித்து 21 லட்சத்து 60 ஆயிரத்தின் மேல் 5 சதவீதம் பிடித்தால் 1 லட்சத்து 8 ஆயிரம்தான் வரும். ஒப்பந்தம் முழுவதும் இப்படியே பிடித்தால் 6 லட்சத்துக்குப் பதில் 5 லட்சத்து 40 ஆயிரம்தான் கையில் நிற்கும். கடைசி பில்லைத் தீர்க்கும்போது அந்த 60 ஆயிரம் எங்கே என்ற கேள்வி எழும்.

தனியார் ஒப்பந்தங்களில் 5 முதல் 10 சதவீதம் வரை பிடிப்பது வழக்கம். சிலர் ஒவ்வொரு பில்லிலும் 10 சதவீதம் பிடித்து, ஒப்பந்தத் தொகையில் 5 சதவீதம் சேர்ந்ததும் பிடிப்பதை நிறுத்திவிடுவார்கள். அப்படி உச்சவரம்பு இருந்தால் பாதி வேலையிலேயே முழு ரிடென்ஷனும் சேர்ந்துவிடும். பின்பாதி பில்கள் முழுத் தொகையாக வெளியேறும். அட்டவணையில் இந்தத் திருப்பத்தைக் காட்டாதவர்களுக்குப் பின்பாதி மாதங்களில் பணம் பற்றாமல் போகும்.

முழுத் திட்டத்துக்கும் அட்டவணை எப்படி இருக்கும் என்று ஒருமுறை காட்ட முடியுமா?

மாங்காய்ப் பணம் கைக்கு வந்துவிட்ட ஆகஸ்ட் மாதத்தில் அட்வான்ஸ் கொடுத்து வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு நிலையும் ஒரு மாதக் கடைசியில் முடிகிறது, எம்.புக்கில் அளவு பதிந்து, இன்ஜினியர் சரிபார்த்து, அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் பணம் போகிறது. கீழே உள்ள மாதங்கள் அனைத்தும் பணம் போகும் மாதங்கள். தொகை லட்சம் ரூபாயில், ஜி.எஸ்.டி. நீங்கலாகக் கொடுக்கப்பட்டுள்ளது.

| மாதம் | பில் மதிப்பு | அட்வான்ஸ் | ரிடென்ஷன் | வெளியேறும் பணம் | பிடித்து வைத்திருப்பது |
|---|---|---|---|---|---|
| ஆகஸ்ட் | – | +12.0 | – | 12.0 | 0 |
| நவம்பர் | 24.0 | –2.4 | –1.2 | 20.4 | 1.2 |
| ஜனவரி | 24.0 | –2.4 | –1.2 | 20.4 | 2.4 |
| மார்ச் | 24.0 | –2.4 | –1.2 | 20.4 | 3.6 |
| மே | 24.0 | –2.4 | –1.2 | 20.4 | 4.8 |
| ஜூலை | 18.0 | –1.8 | –0.9 | 15.3 | 5.7 |
| ஆகஸ்ட் (ஒப்படைத்த பின்) | 6.0 | –0.6 | –0.3, +3.0 | 8.1 | 3.0 |
| அடுத்த ஆண்டு ஆகஸ்ட் | – | – | +3.0 | 3.0 | 0 |

கடைசி வரிசையைக் கவனியுங்கள். கட்டடம் முடிந்து, வாடகைக்காரர் குடிவந்து, ஓராண்டு கழிந்த பிறகு 3 லட்சம் வெளியேறுகிறது. பெரும்பாலான பட்ஜெட் அட்டவணைகள் ஒப்படைப்பு மாதத்தோடு முடிந்துவிடுகின்றன. அந்தக் கடைசி 3 லட்சம் எந்த மாதத்திலும் இல்லாமல் போகிறது. பிறகு அந்தத் தொகையைக் கேட்டு கான்ட்ராக்டர் வரும்போது அது எதிர்பாராத செலவாகத் தெரிகிறது. அது எதிர்பாராத செலவு அல்ல. முதல் பில்லிலிருந்தே ஏற்றுக்கொண்ட கடன். ஆகவே அட்டவணையின் மாதங்களை ஒப்படைப்பு நாளைத் தாண்டி, ரிடென்ஷன் தீரும் மாதம் வரை நீட்ட வேண்டும் என்பதுதான் இந்தப் பக்கத்தில் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது.

இதை எக்செல்லில் எப்படி அமைப்பது?

ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு நெடுவரிசை வையுங்கள். 4-ஆம் வரியில் பில் மதிப்பு, 5-இல் கொடுக்கும் அட்வான்ஸ், 6-இல் அட்வான்ஸ் கழிவு, 7-இல் பிடிக்கும் ரிடென்ஷன், 8-இல் விடுவிக்கும் ரிடென்ஷன், 9-இல் வெளியேறும் பணம், 10-இல் கையில் நிற்கும் ரிடென்ஷன் என்று வைத்துக்கொண்டால் சூத்திரங்கள் இவ்வளவுதான்:

```
C6:  =-C4*10%
C7:  =-C4*5%
C9:  =SUM(C4:C8)
C10: =B10-C7-C8
```

பிடிக்கும் தொகையையும் விடுவிக்கும் தொகையையும் ஒரே வரியில் சேர்த்து எழுதிவிடாதீர்கள். மேலே உள்ள அட்டவணையில் ஒப்படைத்த பின் வரும் ஆகஸ்ட் மாதத்தில் 0.3 பிடிக்கப்பட்டு 3.0 விடுவிக்கப்படுகிறது, இரண்டையும் சேர்த்து 2.7 என்று ஒரே எண்ணாக எழுதினால் ஆறு மாதம் கழித்துப் பார்க்கும் எவருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று புரியாது.

அட்டவணை சரியா என்பதை இரண்டு இடங்களில் பார்த்தால் தெரிந்துவிடும். கடைசி மாதத்தில் 10-ஆம் வரி பூஜ்யமாக வர வேண்டும். 9-ஆம் வரியின் கூட்டுத்தொகையும் 4-ஆம் வரியின் கூட்டுத்தொகையும் சமமாக இருக்க வேண்டும். பிடித்ததும் கழித்ததும் எல்லாம் தேதியை மட்டுமே மாற்றுகின்றன. மொத்தச் செலவை ஒரு ரூபாய்கூடக் குறைப்பதில்லை. இவை சமமாக வரவில்லை என்றால் எங்கோ ஒரு விடுவிப்பு விட்டுப்போயிருக்கும், அல்லது அட்வான்ஸ் கூடுதலாகக் கழிக்கப்பட்டிருக்கும்.

எங்களுக்கு வருமானம் மாங்காய் சீசனில்தான் வருகிறது. மே மாதத் தவணையை எப்படிச் சமாளிப்பது?

இந்தப் பகுதியில் கட்டடம் கட்டும் பல குடும்பங்களுக்கு உள்ள உண்மையான சிக்கல் இது. மே மாதத்தில் மண்டிக்கே பணம் தேவைப்படும். தோட்டக்காரர்களுக்கு முன்பணம், பறிகூலி, கிரேட், வண்டி வாடகை என்று எல்லாம் ஒன்றாக வரும். ‘பெங்களூரா’ ரகம் கூழ் ஆலைகளுக்குப் போய்ப் பணமாகத் திரும்புவதற்கு ஜூன், ஜூலை ஆகிவிடும். அந்த நேரத்தில் கட்டடத்துக்கு 20 லட்சத்து 40 ஆயிரமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதற்குத் தீர்வு கான்ட்ராக்டரிடம் மே மாதத்தில் போய்ப் பேசுவது அல்ல. ஒப்பந்தம் எழுதும்போதே நிலைகளைப் பிரிப்பது. நான்காவது நிலையான 24 லட்சத்தை பிளாக் கட்டு 12 லட்சம், உள்ளும் புறமும் பூச்சு 12 லட்சம் என்று இரண்டாக்கலாம். பிளாக் கட்டு மார்ச் கடைசியில் முடிந்தால் அதன் பணம் ஏப்ரலில் போகும். பூச்சு மே கடைசியில் முடிந்தால் அதன் பணம் ஜூனில் போகும். ஒவ்வொன்றும் கழிவுகள் போக 10 லட்சத்து 20 ஆயிரம். மே மாதத்தில் கான்ட்ராக்டருக்குக் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை. இதற்காகப் பூச்சு வேலை ஒரு மாதம் தள்ளுகிறது என்பதைக் காலவரைவிலும் காட்ட வேண்டும். அதற்குப் பின் வரும் தரை, பெயின்ட் வேலைகளில் எவ்வளவு ஒன்றோடொன்று சேர்ந்து நடக்கும் என்று கான்ட்ராக்டரோடு உட்கார்ந்து பேசி, ஒப்படைப்பு நாளைக் காப்பாற்ற முடியுமா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

இப்படிப் பிரிப்பது கான்ட்ராக்டருக்கும் நல்லது. அவர் கம்பி கட்டுபவர்களுக்கும் சென்ட்ரிங் ஆட்களுக்கும் கொத்தனார்களுக்கும் சனிக்கிழமைதோறும் கூலி கொடுக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் பணம் வந்தால் இடையில் உள்ள எட்டுச் சனிக்கிழமைகளுக்கு அவர் வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும். அந்த வட்டி எப்படியாவது உங்கள் விலைக்குள் வந்துவிடும். விலைக்குள் வராவிட்டால் சைட்டில் ஆள் குறையும். அதே காரணத்தால்தான் ஜனவரித் தவணையைப் பொங்கலுக்கு முன் கொடுப்பதாக எழுதுவது எளிய, ஆனால் மிகவும் பயனுள்ள ஏற்பாடு. ஊருக்குப் போகும் ஆட்களுக்கு முழுக் கூலி கிடைத்தால் பொங்கல் முடிந்ததும் அவர்கள் திரும்பி வருவார்கள்.

அஸ்திவாரம் தோண்டும்போது பாறை வந்துவிட்டது. பிரேக்கர் வைத்து உடைத்ததற்குத் தனி பில் வந்திருக்கிறது. அதிலும் ரிடென்ஷன் பிடிக்கலாமா?

பிடிக்க வேண்டும், ஆனால் அட்வான்ஸைக் கழிக்கக் கூடாது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளில் சில அடி ஆழத்திலேயே கருங்கல் பாறை தட்டுவது புதிதல்ல; மண் தோண்டும் விலையில் அது அடங்காது. பாறை உடைத்ததற்கு 1 லட்சத்து 60 ஆயிரம் கூடுதல் என்று வைத்துக்கொண்டால், அதுவும் செய்த வேலைதான் என்பதால் 5 சதவீதம், அதாவது 8 ஆயிரம், பிடிக்கப்படும். மொத்த ரிடென்ஷன் 6 லட்சத்து 8 ஆயிரமாகும். இரண்டு விடுவிப்புகளும் தலா 3 லட்சத்து 4 ஆயிரமாகும். விடுவிக்கும் தொகையை ஒப்பந்தத் தொகையிலிருந்து எழுதி வைத்திருந்தால் இந்த 8 ஆயிரம் கணக்கில் வராமல் போகும். ஆகையால் 10-ஆம் வரியில் முந்தைய மாதம் வரை நின்ற தொகையோடு அந்த மாதம் பிடித்ததையும் கூட்டி, அதிலிருந்தே அதை எடுக்க வேண்டும்.

அட்வான்ஸ் நிலைமை வேறு. கொடுத்தது 12 லட்சம்தான். அசல் ஒப்பந்தத்தின் 120 லட்சம் மேல் 10 சதவீதம் கழித்தாலே அது தீர்ந்துவிடும். கூடுதல் வேலையையும் அதே 4-ஆம் வரியில் போட்டால் சூத்திரம் அதன் மேலும் 16 ஆயிரத்தைக் கழித்து, கொடுக்காத பணத்தைத் திரும்பப் பிடிக்கும். கூடுதல் வேலைக்குத் தனி வரி ஒன்றை வைத்து, ரிடென்ஷன் சூத்திரத்திலும் வெளியேறும் பணத்தின் கூட்டலிலும் மட்டும் அதைச் சேர்த்து, அட்வான்ஸ் கழிவுச் சூத்திரத்தில் சேர்க்காமல் விட்டால் இந்தப் பிழை வராது.

பாறையின் அளவை உடைப்பதற்கு முன்பும் பின்பும் இருதரப்பும் சேர்ந்து அளந்து எம்.புக்கில் கையெழுத்திடுங்கள். கான்கிரீட் போட்டு மூடிய பிறகு அதை அளக்க வழியே இல்லை.

ஜி.எஸ்.டி.யும் டி.டி.எஸ்.ஸும் ரிடென்ஷனுக்கு முன்பா, பின்பா?

பொதுவான நடைமுறையில் இரண்டுமே ரிடென்ஷன் பிடிப்பதற்கு முன் உள்ள தொகையின் மேல்தான். கான்ட்ராக்டர் செய்த வேலையின் முழு மதிப்புக்கும் இன்வாய்ஸ் போடுகிறார்; வணிகக் கட்டடத்துக்கு அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும். சேவை என்பதால் அட்வான்ஸ் வாங்கும்போதே அதற்கு வரி வந்துவிடும். ஆகவே ஆகஸ்டில் 12 லட்சத்தோடு 2 லட்சத்து 16 ஆயிரம் சேர்ந்து போகும். நவம்பர் பில்லில் ஏற்கெனவே வரி கட்டிய 2 லட்சத்து 40 ஆயிரத்தை நீக்கி, 21 லட்சத்து 60 ஆயிரத்தின் மேல் 3 லட்சத்து 88 ஆயிரத்து 800 ரூபாய் வரி வரும். அந்த மாதம் வெளியேறும் மொத்தப் பணம் 24 லட்சத்து 28 ஆயிரத்து 800 ரூபாய். பின்னாளில் ரிடென்ஷனை விடுவிக்கும்போது அதன் மேல் மீண்டும் வரி சேராது. வாடகைக்கு விடச் சொந்தமாகக் கட்டும் கட்டடத்தின் ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெற முடியாது என்பதால், அதை பட்ஜெட்டில் செலவாகவே வைக்க வேண்டும்.

டி.டி.எஸ்., கான்ட்ராக்டர் தனிநபராக இருந்தால் 1 சதவீதம், கூட்டு நிறுவனமாகவோ கம்பெனியாகவோ இருந்தால் 2 சதவீதம். உங்களுக்கு அதைப் பிடிக்கும் கடமை உண்டா என்பது உங்கள் தொழிலின் விற்றுமுதலைப் பொறுத்தது. அதை ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இதை ரிடென்ஷனோடு குழப்பிக்கொள்ளும் பட்ஜெட்டுகளைக் காண முடிகிறது. ரிடென்ஷன் உங்கள் கணக்கிலேயே நிற்கிறது. டி.டி.எஸ். அப்படி நிற்பதில்லை, பெரும்பாலான மாதங்களில் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் அரசுக்குப் போய்விடுகிறது. வெளியேறும் மொத்தம் மாறாது, வாங்குபவர்தான் மாறுகிறார்.

வேலை இரண்டு மாதம் தாமதமாகிவிட்டது. அட்டவணையில் தவணைகளை மட்டும் தள்ளினால் போதுமா?

ரிடென்ஷன் விடுவிக்கும் மாதங்களும் தள்ள வேண்டும். முதல் பாதி உண்மையான ஒப்படைப்பு நாளோடும், இரண்டாம் பாதி அதிலிருந்து 12 மாதத்தோடும் இணைந்தவை. ஒப்பந்தத்தில் எழுதிய ஒப்படைப்பு நாளிலிருந்து எண்ணினால், அந்த 12 மாதக் குறைநீக்கக் காலம் முடிவதற்கு முன்பே பாதுகாப்பைக் கைவிட்டுவிடுவீர்கள்.

வங்கிக் கடனில்தான் கட்டுகிறோம். ரிடென்ஷன் தொகையையும் கடனிலிருந்தே எடுக்கலாம் அல்லவா?

இரண்டாவது பாதியை எடுக்க முடியாது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவதே பாதுகாப்பானது. வங்கி, இன்ஜினியரின் சான்றைப் பார்த்து நிலைநிலையாகக் கடனை விடுவிக்கிறது. கடனை எடுத்து முடிக்க வேண்டிய காலமும் அனுமதிக் கடிதத்தில் இருக்கும். கட்டடம் முடிந்து ஓராண்டு கழித்து, மீதம் 3 லட்சத்தைக் கொடுங்கள் என்று கேட்டால் அந்தக் காலம் முடிந்திருக்கும், மாதத்தவணையும் தொடங்கியிருக்கும். சில வங்கிகள் சான்றில் உள்ள முழு வேலை மதிப்புக்கும் கடனை விடுவிப்பதில்லை. கான்ட்ராக்டருக்குக் கொடுத்த ரசீதைப் பார்த்தே விடுவிக்கின்றன. அப்போது பிடித்து வைத்த தொகைக்குக் கடனும் வராது.

மறுபுறம், முழு மதிப்புக்கும் வங்கி கொடுத்துவிட்டால் வேறொரு ஆபத்து உண்டு. 24 லட்சத்துக்குக் கணக்கிட்டு வந்த பணத்தில் கான்ட்ராக்டருக்குக் குறைவாகவே போயிருப்பதால் கணக்கில் பணம் மிஞ்சுவது போலத் தெரியும். அந்த மிச்சம் ஜன்னல் கிரில், முன்பக்கம் கிரானைட், பெயர்ப் பலகை என்று கரைந்துவிடும். ஆகவே இரண்டாம் பாதியைச் சொந்தப் பணமாகக் குறித்து, மாங்காய்ப் பணம் கைக்கு வந்திருக்கும் ஒப்படைப்பு ஆகஸ்டிலேயே 12 மாத வைப்புத்தொகையாகப் போட்டுவிடலாம். அது முதிரும் மாதமும் கொடுக்க வேண்டிய மாதமும் ஒன்றாக அமையும்.

ஒப்படைத்த பிறகு மழையில் மொட்டை மாடி ஒழுகுகிறது. மீதியுள்ள ரிடென்ஷனைக் கொடுக்காமல் நிறுத்திவிடலாமா?

முழுவதையும் ஒரேயடியாக நிறுத்த முடியாது. குறையைச் சரிசெய்ய ஆகும் அளவுக்குத்தான் உங்கள் உரிமை. செப்டம்பர், அக்டோபர் மழையில் ஒழுகல் தெரிந்தால் எந்த இடம், எந்த நாள் என்று படத்துடன் கான்ட்ராக்டருக்கு எழுத்தில் தெரிவித்து, சரிசெய்ய ஒப்பந்தத்தில் உள்ள கால அவகாசத்தைக் கொடுங்கள். அவர் வந்து சரிசெய்துவிட்டால் தொகையில் எந்த மாற்றமும் இல்லை. வரவில்லை என்றால் மட்டும் வேறு ஆளை வைத்துச் செய்து, அதன் பில்லைக் கழிக்கலாம். வாட்டர்ப்ரூஃபிங்குக்கு 45 ஆயிரம் ஆனால், பாறை வேலையும் சேர்ந்த 3 லட்சத்து 4 ஆயிரத்தில் மீதி 2 லட்சத்து 59 ஆயிரத்தைக் கொடுக்க வேண்டும்.

அட்டவணையில் இந்த 45 ஆயிரம் செலவான மாதத்தில், ‘ரிடென்ஷனிலிருந்து செலவு’ என்ற தனி வரியில் வர வேண்டும். அப்போதுதான் மொத்தச் செலவு கூடிவிட்டது போலவும் தோன்றாது, ரிடென்ஷன் நிலுவையும் சரியாகப் பூஜ்யமாகும். 12 மாதக் காலம் ஒரு முழு மழைக்காலத்தையாவது உள்ளடக்க வேண்டும் என்பதற்காகத்தான் வைக்கப்படுகிறது; 6 மாதம் என்று எழுதி, பிப்ரவரியில் ஒப்படைத்தால் ஆகஸ்டில் காலம் முடிந்துவிடும், ஒழுகல் அதற்குப் பிறகே தெரியும்.

நான் கான்ட்ராக்டர். என்னுடைய பக்கத்தில் இதை எப்படிக் காட்டுவது?

அதே எண்கள்தான், திசை மட்டும் மாறும். நீங்கள் முழு பில்லையும் வருமானமாகக் கணக்கில் எழுதுகிறீர்கள், பணமோ குறைவாக வருகிறது. ஆகவே வர வேண்டிய ரிடென்ஷனுக்குத் தனிப் பேரேடு தேவை. ஒவ்வொரு சைட்டுக்கும் எவ்வளவு நிற்கிறது, எந்தத் தேதியில் கேட்க வேண்டும் என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. முழு மதிப்புக்கும் உங்கள் பொறுப்பு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மூன்று நான்கு சைட்டுகளில் இப்படிப் பணம் நின்றால் உங்கள் லாபம் முழுவதும் பிறர் கணக்கில் இருக்கும். ஒப்படைக்கும் நேரத்தில், இரண்டாம் பாதியைப் பணமாகப் பிடிப்பதற்குப் பதில் அதே தொகைக்கு 12 மாத வங்கி உத்தரவாதம் தருகிறேன் என்று கேட்கலாம். உரிமையாளருக்குப் பாதுகாப்பு குறையவில்லை. ஆனால் அவருடைய அட்டவணையில் 3 லட்சம் ஓராண்டு முன்னதாக வெளியேறும். ஒப்படைத்த பின் வரும் ஆகஸ்ட் வரிசையில் 8.1 என்பது 11.1 ஆகும், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எதுவும் இருக்காது. உத்தரவாதத்தின் முடிவு நாளை மட்டும் குறைநீக்கக் காலம் முடிந்து மேலும் ஒரு மாதம் வரை வைக்கச் சொல்லி அவர் கேட்பார். அது நியாயமான கோரிக்கை. வங்கி அதற்கு வாங்கும் கமிஷனும் அடமான வைப்புத்தொகையும் உங்கள் செலவில் வரும் என்பதால், அந்தத் தொகையை விலை கொடுக்கும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.